சம்பளத்துக்கு ஏற்ற தவணையும் வட்டி மானியமும்: நான்கு லட்ச ரூபாய்க் கல்விக் கடனின் கணக்கு

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தோப்பு வேலைதான், வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம் வந்தால் அதிகம். மகளுக்குக் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு லட்சம் கடன் வாங்க வேண்டும். அரசாங்கமே வட்டி கட்டும் என்கிறார்கள். வேலைக்குப் போன பிறகு சம்பளத்துக்குத் தகுந்த மாதிரிக் கட்டலாம் என்றும் ஒருவர் சொன்னார். இரண்டும் உண்மையா? முதல் சம்பளம் பதினெட்டாயிரம்தான் வரும் என்கிறார்களே, அதில் எப்படிக் கட்டுவது?

பதில்: முதலாவது உண்மை, ஆனால் அதற்கு ஒரு கால எல்லை உண்டு. இரண்டாவது நம் நாட்டு வங்கிக் கடனில் இன்று இல்லை. அதற்கு ஓரளவு ஈடான ஒரு வசதி மட்டும் உண்டு, அதையும் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வட்டி மானியத்தின் அளவு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் கல்விக் கடன் வட்டி மானியத் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்த மாணவருக்கு, படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் சேர்ந்த காலத்துக்கான வட்டி முழுவதையும் அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கியில் இதை மொரட்டோரியம் காலம் என்பார்கள். அந்த ஓராண்டு முடிந்த மறுநாள் முதல் வட்டி உங்கள் மகளுடையது. அசலில் ஒரு ரூபாயும் தள்ளுபடி ஆகாது. “அரசாங்கம் வட்டி கட்டும்” என்ற பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த எல்லைதான்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். நான்கு ஆண்டுகளில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் வங்கி கல்லூரிக்குச் செலுத்துகிறது என்றும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் கணக்கிட எளிதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் விகிதம் இதற்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். மொரட்டோரியம் காலத்தில் கல்விக் கடனுக்குத் தனிவட்டிதான் கணக்கிட வேண்டும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். மானியம் இல்லாவிட்டால் இந்தத் தொகை அசலோடு சேர்ந்து, உங்கள் மகள் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆக நிற்கும். மானியம் ஒழுங்காக வந்திருந்தால் 4,00,000 தான் நிற்கும். பதினைந்து ஆண்டுத் தவணையில் முதல் தொகைக்கு மாதம் சுமார் 5,800 ரூபாய், இரண்டாவதற்குச் சுமார் 4,300 ரூபாய். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம், அதுவும் பதினைந்து ஆண்டுகளுக்கு. ஆகவே மானியத்தின் மதிப்பு 1,40,000 ரூபாயோடு நிற்பதில்லை. அந்தத் தொகை அசலில் ஏறியிருந்தால் அதன்மேல் விழுந்திருக்கும் வட்டியும் இதில் அடங்கும்.

பத்தே ஆண்டில் முடிப்பதானால் நான்கு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 5,290 ஆகும். பதினெட்டாயிரம் சம்பளத்தில் அது கடினம். பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டால் மொத்தத்தில் கூடுதலாக ஏறத்தாழ 1,40,000 ரூபாய் வட்டி போகும் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் நீண்ட கால அளவையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். கல்விக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை. சம்பளம் கூடும்போது கூடுதலாகக் கட்டி விரைவில் முடித்துவிடலாம். குறுகிய காலத்துக்கு ஒப்புக்கொண்டு, இடையில் தவணை தவறினால்தான் சிக்கல். தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அது கடன் தகவல் பதிவேட்டில் ஏறி, மகளின் பெயரோடு கூட்டுக் கடனாளியான உங்கள் பெயரையும் சேர்த்துப் பாதிக்கும்.

இந்த மானியம் உங்களுக்குக் கிடைப்பதற்கு மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எல்லையோரக் குடும்பங்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலாவது, கடன் எந்தத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது என்பது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் கீழ் வழங்கிய கடனுக்குத்தான் இந்த வட்டி மானியம் பொருந்தும். அந்த மாதிரித் திட்டம் நுழைவுத் தேர்வு அல்லது மதிப்பெண் தகுதி அடிப்படையில் கிடைத்த இடத்தை அடிப்படையாகக் கொண்டது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்கு வங்கிகள் தங்கள் சொந்தத் திட்டம் ஒன்றின் கீழ் கடன் கொடுப்பதுண்டு. அதற்கும் பெயர் கல்விக் கடன்தான், ஆனால் மானியம் வராது. கேரளத்தில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரியில் சேரும் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர், தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் பூர்வீக நிபந்தனை குறுக்கே வருவதால், நிர்வாக ஒதுக்கீட்டில்தான் சேருகிறார்கள். உங்கள் மகளின் சேர்க்கைக் கடிதத்தில் எந்த ஒதுக்கீடு என்று எழுதியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். பிறகு கடன் ஒப்புதல் கடிதத்தில் திட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, கல்லூரி. 2018 முதல் இந்த மானியத்துக்கு கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம், தொழிற்படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு, அல்லது மத்திய அரசு நிதியில் இயங்கும் நிறுவனம் என்று ஏதாவது ஒன்று வேண்டும். அந்த அங்கீகாரங்களின் வரம்புக்குள் வராத தொழிற்கல்விக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் போதும். நர்சிங்குக்கு அது நர்சிங் கவுன்சில். கல்லூரியின் விளம்பரத் தட்டியில் போட்டிருப்பதை ஆதாரமாகக் கொள்ளாமல், ஒப்புதல் ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி வங்கியில் கொடுங்கள்.

மூன்றாவது, வருமானச் சான்றிதழ். கல்லூரியும் சில வேளை வங்கிக் கிளையும் கோயம்புத்தூரில் இருப்பதால், தமிழ்நாட்டு வட்டாட்சியர் சான்றிதழ்தான் வேண்டும் என்று எண்ணி அலைபவர்கள் உண்டு. குடும்பம் குடியிருக்கும் மாநிலம் இதற்கென நியமித்த அதிகாரி தரும் சான்றிதழே செல்லும். உங்களுக்கு அது கேரளச் சான்றிதழ். அக்ஷயா மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து பெறுவது. விண்ணப்பத்தில் பயன்பாடு என்ற இடத்தில் கல்விக் கடன் வட்டி மானியம் என்று குறிப்பிடுங்கள். ரேஷன் தேவைக்கோ உதவித்தொகைக்கோ முன்பு வாங்கிய பழைய சான்றிதழை நீட்டினால் கிளையில் திருப்பிவிடலாம். அது மலையாளத்தில் மட்டும் இருந்து, கிளை தமிழ்நாட்டில் இருந்தால், ஆங்கிலத்திலும் கேட்டு வாங்குவது நல்லது. கடன் ஒப்புதல் ஆகும்போதே இதைக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கையெழுத்துக்கு வேலை இருக்கும்.

எந்தக் கிளையில் விண்ணப்பிப்பது என்ற குழப்பமும் எல்லையில் உண்டு. “நீங்கள் எங்கள் சேவைப் பகுதியில் இல்லை, கேரளக் கிளைக்குப் போங்கள்” என்று ஒரு கிளையும், “கல்லூரி அங்கே இருக்கிறதே” என்று இன்னொரு கிளையும் தள்ளிவிடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேவைப் பகுதி விதி கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. நான்கு லட்சம் வரை பிணைச் சொத்தோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது; பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். விண்ணப்பத்தை நிராகரிப்பதானாலும் கிளை மேலாளர் தானாக நிராகரிக்கக் கூடாது, அவருக்கு அடுத்த மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். வாய்மொழியாக இல்லை என்று சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பல விண்ணப்பங்களுக்கு உயிர் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பி.எம். வித்யாலட்சுமி என்ற புதிய திட்டத்தையும் யாராவது சொல்லியிருப்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம் எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கானது. பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மொரட்டோரியம் காலத்தில் மூன்று சதவீத வட்டியை மட்டும் அரசு ஏற்கிறது. தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த குறிப்பிட்ட நிறுவனங்களுக்கே இது பொருந்தும். உங்கள் வருமானத்துக்கு முழு வட்டி தரும் பழைய திட்டம்தான் மேலானது. உங்கள் கணக்கிலேயே ஒப்பிட்டால், மூன்று சதவீதம் மட்டும் கிடைத்திருந்தால் அரசு தருவது 42,000 ரூபாய். மீதி 98,000 அசலோடு சேர்ந்திருக்கும்.

இனி பணம் உண்மையில் எப்படி வருகிறது என்பதைப் பார்க்கலாம். மானியம் உங்கள் கைக்கு வருவதில்லை. வங்கி உங்கள் கணக்கில் வழக்கம்போல வட்டியைப் பற்று வைக்கும். பிறகு மானியத் தொகையைக் கேட்டு மத்திய அரசின் சார்பில் இதை நிர்வகிக்கும் கனரா வங்கிக்குப் பட்டியல் அனுப்பும். தொகை வந்ததும் உங்கள் கணக்கில் வரவு வைக்கும். இடையில் தாமதம் ஆவது வழக்கம். அதனால் படிப்புக் காலத்தில் பாஸ்புத்தகத்தில் கடன் கூடிக்கொண்டே போவதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை வாங்கி, மானிய வரவு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த வரி இல்லையென்றால், கிளை உங்கள் கணக்கைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது சான்றிதழ் நகலோடு எழுத்தில் கேளுங்கள். படிப்பு முடிந்த பிறகு கேட்டால், பழைய ஆண்டுகளுக்கான கோரிக்கையைச் சேர்ப்பது மிகக் கடினம்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை தவணை தொடங்கும் மாதத்தில் வருகிறது. வங்கி கொடுக்கும் தவணை அட்டவணையின் முதல் வரியில் உள்ள நிலுவை, கல்லூரிக்குச் செலுத்திய தொகைகளின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது நான்கு லட்சம். ஐந்து லட்சத்துக்கு மேல் ஏதாவது எண் இருந்தால், வர வேண்டிய மானியத்துக்குக் காத்திராமல் வட்டியை அசலில் ஏற்றிவிட்டார்கள். அந்த அட்டவணையை ஏற்றுக்கொள்ளாமல், மானியம் நிலுவையில் உள்ளதைக் குறிப்பிட்டு மறு அட்டவணை கேளுங்கள்.

மானியம் வாழ்நாளில் ஒருமுறைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ. மருத்துவக் காரணம் தவிர வேறு காரணத்தால் படிப்பை இடையில் விட்டாலும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டாலும் அது கிடையாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, சம்பளத்துக்கு ஏற்ற தவணை. இதை முறையாகச் செய்யும் நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியா 1989இல் தொடங்கியது. அங்கே 2025-26 கணக்குப்படி ஆண்டு வருமானம் 67,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் பதினைந்து சதவீதத்திலிருந்து தொடங்கி, வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் தவணையே இல்லை. இங்கிலாந்தில் புதிய கடன்களுக்கு ஆண்டு வருமானம் 25,000 பவுண்டுக்கு மேல் போகும் பகுதியில் ஒன்பது சதவீதம். நாற்பது ஆண்டுக்குப் பின் மிச்சம் இருந்தால் தள்ளுபடி. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, நியாயமும்தான். ஆனால் அதை அப்படியே நம் வங்கி வட்டியோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மகளின் கணக்கிலேயே பார்க்கலாம்.

மாதம் 15,000 வரை பிடித்தம் இல்லை, அதற்கு மேலே உள்ளதில் பதினைந்து சதவீதம் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டாயிரம் சம்பளத்தில் பிடித்தம் வெறும் 450 ரூபாய். ஆனால் நான்கு லட்சத்துக்குப் பத்து சதவீதத்தில் மாத வட்டி 3,333 ரூபாய். மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய் கடனில் கூடிக்கொண்டே போகும். பிடித்தம் வட்டியையாவது தொட வேண்டுமானால் சம்பளம் 37,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். அதற்குள் கடன் வளர்ந்திருக்கும், ஆகவே அந்த எல்லையும் மேலே போயிருக்கும். வட்டி நான்கு சதவீதமாக இருந்தால் இதே கணக்கில் 24,000 ரூபாய்ச் சம்பளத்திலேயே கடன் வளர்வது நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் கடன் ஏறுவது விலைவாசி உயர்வின் அளவுக்குத்தான், வங்கி வட்டிக்கு அல்ல. அந்த முறை அங்கே நடைபெறுவதற்கு இதுவே அடிப்படை. ஆகவே சம்பளத்துக்கு ஏற்ற தவணையும் வட்டி மானியமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு, மானியம் மொரட்டோரியத்தோடு நின்றுவிட்டால் வருமானத் தவணை கடனைப் பெருக்கும் வழியாகவே முடியும்.

வட்டியைக் குறைத்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. அந்த நாடுகளில் சம்பளத்திலிருந்து வரித்துறை நேரடியாகப் பிடிக்கிறது. இங்கே பதினெட்டாயிரம் வாங்கும் செவிலியர் வருமான வரி வரம்புக்குள் வருவதே இல்லை. அவரது சம்பளம் ஏறியதா இறங்கியதா என்பதை வங்கி அறிய வழியில்லை. வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஓரளவு உதவலாம், ஆனால் சிறிய மருத்துவமனைகள் எல்லாம் அதில் ஒழுங்காக இல்லை. நம் பகுதிச் செவிலியர்களில் கணிசமானோர் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே வாங்கும் சம்பளம் இங்குள்ள எந்தப் பதிவிலும் வராது. ஆஸ்திரேலியா இதே சிக்கலைச் சந்தித்து, வெளிநாட்டில் வாழும் கடனாளிகளும் தங்கள் உலக வருமானத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கேரள அரசு 2017இல் வேறொரு வழியை முயன்றது. பழைய கல்விக் கடன்களுக்குத் திருப்பிச் செலுத்தும் தொகையில் முதல் ஆண்டு 90 சதவீதம், பிறகு 75, 50, 25 என்று குறைந்துகொண்டே போகும் பங்கை அரசே தருவது என்பது அதன் வடிவம். இது வருமானத்தை அளக்கவில்லை. வேலையின் முதல் ஆண்டுகளில் சம்பளம் குறைவு, பிறகு கூடும் என்று ஊகித்துக்கொண்டு காலத்தை அளந்தது. சம்பளப் பதிவே இல்லாத இடத்தில் அது புத்திசாலித்தனமான வடிவம் என்பது என் கருத்து. ஆனால் அது ஏற்கெனவே வழங்கப்பட்ட கடன்களுக்கானது. உங்கள் மகளின் புதிய கடனுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பங்கு தந்தால் போதும் என்று சில தனியார் பயிற்சி நிறுவனங்கள் போடும் ஒப்பந்தங்களையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அவற்றுக்கு எந்த மானியமும் கிடையாது.

இதே எண்ணத்தைச் சிறிய அளவில் வங்கியிடமே கேட்கலாம். மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏறுபடித் தவணைக்கு இடம் உண்டு: தொடக்கத்தில் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் கட்டுவது. முதல் மூன்று ஆண்டு மாதம் 3,400 ரூபாய் என்று வைத்தால், அது வட்டியைச் சற்றே தாண்டும். அசல் நான்கு லட்சத்தின் அருகிலேயே நிற்கும். மீதிப் பன்னிரண்டு ஆண்டுக்கு மாதம் சுமார் 4,750 ஆகும். பதினெட்டாயிரத்தில் 3,400 என்பதும் எளிதல்ல, ஆனால் 4,300ஐ விடக் கட்டக்கூடியது. மாத வட்டியான 3,333 ரூபாய்க்குக் கீழே போக ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குக் கீழே போனால் அசல் வளரத் தொடங்கும்.

வேலை இழந்த காலத்துக்கோ, மிகக் குறைந்த சம்பளக் காலத்துக்கோ கடன் காலம் முழுவதிலும் இரண்டு மூன்று முறை தவணை நிறுத்திவைக்கவும் அதே திட்டத்தில் இடம் உண்டு. ஆறு மாதம் நிறுத்தினால் சுமார் 20,000 ரூபாய் வட்டி கூடும், அதற்கு மானியம் கிடையாது. இருந்தாலும் கணக்கு வாராக்கடன் ஆவதை விட இது மேல். இவை வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டவை, தானாக வருபவை அல்ல. தவணை தவறிய பின் கேட்டால் கடன் மறுசீரமைப்பு என்ற வேறு கதவுக்குப் போக வேண்டியிருக்கும்; ஆகவே முதல் தவணைக்கு மூன்று மாதம் முன்பே, பணி ஆணை, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, எவ்வளவு கட்ட முடியும் என்ற எண்ணையும் எழுதி விண்ணப்பியுங்கள்.

பலர் தவறவிடும் ஒரு வாய்ப்பு இன்னும் உண்டு. படிப்பு முடிந்த பின்னுள்ள அந்த ஓராண்டில் வட்டி அரசினுடையது. அந்த ஆண்டில் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டால், தவணை கேட்கவில்லையே என்று இருக்காமல், முடிந்ததைக் கட்டுங்கள். மாதம் 5,000 ரூபாய் கட்டினால் 60,000 ஆகும். வட்டியை அரசு ஏற்பதால் அது முழுவதும் அசலில் கழியும். 3,40,000 ரூபாயில் தவணை தொடங்கினால் பதினைந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 3,650 தான். விடுதியில் தங்கி வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கு மாதம் ஐயாயிரம் இயலாது என்றால் மூவாயிரம் கட்டட்டும். கட்டும்போது, மானிய வரவு இன்னும் வராத வட்டிக்கு எதிராக இதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடாமல், மானியம் வந்ததும் நிலுவையைச் சரிசெய்து காட்டும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். அந்த ஆண்டின் கணக்கு அறிக்கையைத் தவணை அட்டவணையோடு ஒப்பிட்டால் அது நடந்ததா என்பது தெரிந்துவிடும்.